கிரியேட்டிவ் பிரீஃப்: ரப்பர் தோட்டத் தேன், குளிர்காலப் பிரசாரம்

வாடிக்கையாளர்: மார்த்தாண்டத்துக்கு வடக்கே தேனீ வளர்ப்போர் குழு
பொருள்: 500 கிராம் கண்ணாடி பாட்டில் தேன்
பிரசாரக் காலம்: நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை
யாருக்கு: எழுத்து, ஓவியம், வீடியோ குழுவினர்

ஏன் இந்த விளம்பரம்

தேன் விற்கவில்லை என்று தேனீ வளர்ப்போர் குழுவினர் நம்மிடம் வரவில்லை. விற்ற தேன் திரும்பி வருகிறது என்றுதான் வந்தார்கள். போன வருஷம் மழை முடிந்து பனி இறங்கியதும், கடைக்குப் போன ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றிரண்டு பாட்டில் திரும்பியிருக்கிறது. தேன் கெடவில்லை, உறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் ஒரு முற்பகல் முழுக்க நின்று பார்த்தேன். நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா, பாதி தீர்ந்த பாட்டிலைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கடைக்காரர் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தார். மேலே இருந்த தேன் மெதுவாக இறங்கியது. அடியில் வெளுத்த கட்டி ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. “அண்ணாச்சி, அடியில சீனி கெடக்கு பாத்தீங்களா? பாகு காய்ச்சி ஊத்திருக்கானுவ.” கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் அதே சந்தேகம்தான். பக்கத்தில் அரிசி வாங்க நின்ற இரண்டு பேரும் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நமக்கு உண்மையான நஷ்டம் அந்த இரண்டு பேர்தான்.

யாரிடம் பேசுகிறோம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்தில் வீட்டுச் சாமான் வாங்குகிற பெண்கள், ஏறத்தாழ 30 முதல் 50 வயது. இவர்கள் தேனை இனிப்பாக நினைத்து வாங்குவதில்லை. மாமியாரின் சூரணத்துக்கும், இருமுகிற பிள்ளைக்குத் துளசிச் சாற்றில் குழைக்கவும் வாங்குகிறார்கள். ஒரு பாட்டில் பல மாதம் வரும். பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். அங்கேதான் அது இன்னும் சீக்கிரம் உறைகிறது.

இவர்களுக்கு விவரம் தெரியாது என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், திரியில் தோய்த்துக் கொளுத்துவார்கள், எறும்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் எதையும் நம்பிக் கலப்படத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் இத்தனை சோதனை செய்கிறவர் அக்கறையில்லாதவர் அல்ல.

அவர் மனசில் ஓடுவதை அவர் வாயாலேயே எழுதினால் இப்படி இருக்கும்:

*“பிள்ளைக்கு மருந்துல கொழச்சுக் குடுக்கிற தேன்ல நான் ஏமாந்தா, அது கடைக்காரன் தப்பில்ல, என் தப்பு.”*

எல்லா ஐடியாவும் இந்த வரியிலிருந்து கிளம்ப வேண்டும். அவர் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். பயத்தில் இருக்கிறவரிடம் பாடம் எடுத்தால் எடுபடாது, கண்ணால் பார்க்க ஒன்றைக் காட்ட வேண்டும்.

சொல்ல வேண்டிய ஒரே விஷயம்

அடியில் கிடப்பது சீனி இல்லை, தேன்.

வேறு எதுவும் இதனுடன் சேராது. குழுவினர் சொல்லச் சொன்னவை நிறைய. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து தொடரும் தொழில் இது என்பது அவர்களுக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனால் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்கிற அம்மாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. வரலாறு லேபிளின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. “உறைந்தால்தான் சுத்தமான தேன்” என்று எழுதக் கை வரும். எழுதக் கூடாது, அது பொய். கலப்படத் தேனும் உறையும், உறையாத நல்ல தேனும் இருக்கிறது. உறைவதை வைத்துச் சுத்தத்தை நிரூபிக்க முடியாது, குற்றமும் சாட்ட முடியாது. நாம் துடைப்பது அந்தப் பொய்க் குற்றச்சாட்டை மட்டும்.

அதை ஏன் நம்ப வேண்டும்

தேனில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று முக்கியமாக இரண்டு சர்க்கரைகள். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் மணல் மணலாக உறையும். ரப்பர் தேன் அந்த வகை. இது பூவிலிருந்து வருவதும் இல்லை. மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் ஊறுகிற இனிப்பைத் தேனீ உறிஞ்சுகிறது. குலசேகரம், அருமனை தோட்டங்களுக்கு அந்த மாதங்களில்தான் தேனீப் பெட்டிகளைக் கொண்டுபோகிறார்கள்.

கையில் பிடிக்கிற சான்று ஒன்றே: உறைந்த பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால், கட்டி மெல்லக் கரைந்து பழையபடி தேனாகிவிடும். விரல் வைத்தால் பொறுக்கிற சூடு போதும். அடுப்பில் காய்ச்சக் கூடாது, மணமும் குணமும் போய்விடும். சீனிப்பாகும் சூட்டில் கரையும் என்பதால் இதைச் சோதனை என்று சொல்லாதீர்கள், உறைந்ததை மீட்கும் வழி என்று மட்டும் சொல்லுங்கள். கலப்படமில்லை என்பதற்குச் சான்று ஆய்வகச் சான்றிதழ்தான். ஒவ்வொரு தொகுதிக்கும் அதை எடுத்து, எண்ணை மூடியில் அச்சிடக் குழுவினர் சம்மதித்துவிட்டார்கள்.

தொனி

பேச்சு, தேனீ வளர்க்கிற பக்கத்து வீட்டு அண்ணன் வேலி ஓரம் நின்று சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். அவசரமில்லாமல், குரல் உயர்த்தாமல், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு. “சீனி” என்றே எழுதுங்கள், “சர்க்கரை” வேண்டாம், கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வட்டாரப் பேச்சு வரலாம், ஆனால் கேலிப் படத்துக் குமரித் தமிழாக மாறிவிடக் கூடாது. அந்த அம்மாவை ஏமாளியாகவோ சண்டைக்காரியாகவோ காட்டும் எந்த ஸ்கிரிப்டும் என் மேசையைத் தாண்டாது.

கட்டாயம்

நோய் தீரும், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று ஒரு சொல்லும் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, ஆகவே கைக்குழந்தை படத்தில் எங்கும் வரக் கூடாது. பாட்டிலின் பின்பக்கத்திலும் அந்த எச்சரிக்கை வரும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லா அச்சிலும் இருக்கும். வேறு நிறுவனத் தேனோடு ஒப்பீடு வேண்டாம்.

என்ன தர வேண்டும்

முதலில் பாட்டில் கழுத்தில் தொங்கும் அட்டை. மொத்தப் பிரசாரத்துக்கும் இதுதான் இதயம், ஏனென்றால் சந்தேகம் வருகிற நேரத்தில் அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான். பன்னிரண்டு சொல்லுக்குள், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில். அடுத்து, கடைக்காரருக்கு ஒரு சிறு அட்டை: வாடிக்கையாளர் பாட்டிலைக் கவிழ்த்தால் அவர் என்ன சொல்லலாம் என்பதற்கு இரண்டே வாக்கியம். பிறகு வாட்ஸ்ஆப்பில் பகிர 30 விநாடி வீடியோ, நாகர்கோவில்–களியக்காவிளை பேருந்துகளின் பின்பக்கத்துக்கு ஒரு போஸ்டர்.

மொத்தச் செலவு 6 லட்சம் ரூபாய், வீடியோ தயாரிப்பும் இதற்குள். பிப்ரவரி முடிவில் திரும்பி வரும் பாட்டில்கள் போன வருஷத்தில் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். கடை கடையாக எண்ணித் தருவதாகக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 6, திங்கள் காலை இரண்டு ஐடியா போதும், பத்து வேண்டாம். உறைந்த பாட்டில்கள் நான்கு அலுவலக ஃபிரிட்ஜில் இருக்கின்றன. எழுதத் தொடங்கும் முன் ஆளுக்கு ஒன்றை எடுத்து வெந்நீரில் வைத்து, கட்டி கரைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வீடியோவில் அந்த நேரத்தை எப்படிக் காட்டுவது என்பதுதான் கூட்டத்தின் முதல் பேச்சு.