பிராது: புதுக்காட்டுப்பாளையம் 20 சென்ட் நிலத்துக்கு உரிமை விளம்புகையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் கோரி

கோபிசெட்டிபாளையம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்

வாதி: பெ. முருகேசன், வயது 58, தகப்பனார் பெயர் பெரியசாமி, விவசாயம், புதுக்காட்டுப்பாளையம் கிராமம், கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

பிரதிவாதி: க. செல்வராஜ், வயது 46, தகப்பனார் பெயர் கந்தசாமி, வியாபாரம், அதே ஊர்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 26, கட்டளை 7 விதி 1ன் கீழ் வாதி தாக்கல் செய்யும் பிராது.

1. வக்கீல் வைக்காமல் நானே நேரில் வழக்கை நடத்துகிறேன். அதனால் எனக்கு வருகிற தமிழில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். மேலே சொன்ன விலாசத்துக்கே இரண்டு பேருக்கும் நோட்டீசு அனுப்பலாம்.

2. தாவா சொத்தை என் அப்பா பெரியசாமி 12.6.1978 தேதியிட்ட கிரயப் பத்திரப்படி வாங்கினார். கோபிசெட்டிபாளையம் சார்பதிவகத்தில் பதிவான ஆவண எண் 1146/1978. பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்று இருப்பதைப் பார்த்து வேறு ஊர்ச் சொத்தோ என்று நினைக்க வேண்டியதில்லை, 1979இல்தான் எங்கள் பகுதி பெரியார் மாவட்டத்தில் சேர்ந்தது, அதுவே பின்னால் ஈரோடு மாவட்டம் ஆனது. அன்றைக்குப் பழைய க.ச. எண் 214/3இல் மொத்தம் 40 சென்ட் இருந்தது, அதில் மேல்புறம் 20 சென்ட் அப்பாவுக்கு, கீழ்புறம் 20 சென்ட் விற்றவருக்கே நின்றது.

3. அப்பா 2004இல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் நானும் என் தங்கையும்தான். தங்கை 2006இல் தன் பாகத்தை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டதால் அன்று முதல் நான் ஒருவனே முழு உரிமையாளன்.

4. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய 214/3 இரண்டாக உட்பிரிவு ஆனது. கீழ்புறம் 214/3ஏ, எங்களுடைய மேல்புறம் 214/3பி. பட்டா எண் 387 இன்று என் பெயரில் இருக்கிறது, 'அ' பதிவேட்டிலும் அப்படியே. பட்டாவில் பரப்பு 0.08.0 ஹெக்டேர், அதாவது 20 சென்டுக்குக் கால் சென்ட் போலக் குறைவு, ஹெக்டேருக்கு மாற்றியபோது வந்த வித்தியாசம் அது, வேறொன்றும் இல்லை. புல வரைபடத்தில் என் இடம் கிழமேல் 26.8 மீட்டர், தென்வடல் 30.2 மீட்டர். அடியில் சொன்னால் 88க்கு 99, பெருக்கினால் 8,712 சதுர அடி, சரியாக 20 சென்ட். பட்டா மட்டுமே உரிமை ஆகாது என்று எனக்கும் தெரியும். என் உரிமை பத்திரத்தில் இருந்து வருகிறது, வருவாய்த் துறைக் கணக்குகள் அதே எல்லையையும் அதே அளவையும் காட்டுகின்றன என்பதற்காகத்தான் அவற்றைச் சேர்த்துக் காட்டுகிறேன்.

5. அனுபவமும் என்னுடையதே. ஓட்டு வீடு, மாட்டுக் கொட்டகை, கீழ்புற ஓரத்தில் அப்பா வைத்த மூன்று தென்னை, எல்லாம் தாவா சொத்தில் இருக்கின்றன. பசலி 1415 முதல் 1434 வரை கிஸ்து கட்டிய ரசீதுகளும் வீட்டு வரி, மின்கட்டண ரசீதுகளும் தாக்கல் செய்கிறேன்.

6. பிரதிவாதி 2019இல் 214/3ஏ நிலத்தைக் கிரயம் வாங்கினார். பிரச்சினை அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அதில் 22 சென்ட் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவருக்கு விற்றவரின் 1981ஆம் வருட மூலப் பத்திரத்தில் 20 சென்ட்தான், 'அ' பதிவேட்டிலும் 214/3ஏக்கு 0.08.0 ஹெக்டேர்தான். விற்றவருக்கே இல்லாத 2 சென்ட் வாங்கியவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அது போகட்டும், அதே 2019 பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும்போது "பெரியசாமி மகன் முருகேசன் இடத்துக்குக் கிழக்கு" என்று அவரே எழுதி வாங்கியிருக்கிறார். என் இடம் எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் இடம் தொடங்குகிறது என்று அவர் பத்திரமே சொல்கிறது. பரப்பும் எல்லையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் தெளிவாகச் சொல்லப்பட்ட எல்லையே நிற்கும் என்பதால், அந்த 22 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவர் என் பக்கம் வர முடியாது.

7. 2025 பிப்ரவரியில் நான் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது, பிரதிவாதி தென்கிழக்கு மூலையில் இருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டு, என் இடத்துக்குள் 9 அடி தள்ளி, தென்னைமரங்களுக்கு மேல்புறமாக நான்கு கல்தூண் நட்டுவிட்டார். 19.2.2025 அன்று ஊருக்கு வந்து பார்த்து, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அன்றே தூண்களை எடுத்துப் போட்டேன். கம்பி கட்டும் அளவுக்கு அவர் போகவில்லை. அந்த 9 அடி அகலத் துண்டு, சுமார் 2 சென்ட், அன்றும் இன்றும் என் சுவாதீனத்தில்தான் இருக்கிறது. இப்போதும் அந்த மூன்று மரத்திலும் தேங்காய் பறிப்பது நான்தான்.

8. அப்புறம் நான் கட்டணம் கட்டி மனுக் கொடுத்ததன் பேரில், வட்ட நில அளவர் இரண்டு தரப்புக்கும் அறிவிப்புக் கொடுத்து 12.3.2025 அன்று அளந்தார். பிரதிவாதியும் கூடவே நின்று பார்த்தார். தென்னை மூன்றும் 214/3பிக்குள் இருப்பதாக அளவை அறிக்கை சொல்கிறது. அளந்து முடித்ததும் "சர்வேயர் சங்கிலியை நான் ஏற்க முடியாது, என் பத்திரத்தில் 22 இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். 6.4.2025 ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடும் தூண்களோடும் மறுபடி வந்தார். ஊர்க்காரர்கள் தடுத்ததால் திரும்பினார், ஆனால் "உன் பட்டாவே தப்பு, இடமே உனதில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கு, இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

9. அவர் என் உரிமையையே மறுப்பதால் வெறும் உறுத்துக்கட்டளை கேட்டால் போதாது. ஆகவே குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 1963, பிரிவு 34ன் கீழ் விளம்புகையும் பிரிவு 38ன் கீழ் நிரந்தர உறுத்துக்கட்டளையும் சேர்த்தே கேட்கிறேன். அரசு மீது எனக்குக் குறை இல்லை, பட்டா என் பெயரில் சரியாகவே இருக்கிறது, அதனால் வருவாய்த் துறையைத் தரப்பினராகச் சேர்க்கவில்லை. ஆணையர் ஒருவர் நில அளவருடன் வந்து பார்த்து அறிக்கை தரக் கட்டளை 26 விதி 9ன் கீழ் தனி மனுவும் போட்டிருக்கிறேன்.

10. வழக்கு மூலம் 19.2.2025, 12.3.2025, 6.4.2025 ஆகிய தேதிகளில், இந்த நீதிமன்ற எல்லைக்கு உட்பட்ட புதுக்காட்டுப்பாளையத்தில் எழுந்தது. இதே விஷயமாக இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை.

11. சொத்தின் சந்தை மதிப்பு ரூ.9,00,000. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955, பிரிவு 25(பி)ன்படி பாதி மதிப்பு ரூ.4,50,000க்கு 3 சதவீதம், ரூ.13,500 கட்டியிருக்கிறேன்.

ஆகவே கனம் நீதிமன்றம்,

(அ) கீழ்க்கண்ட சொத்து முழுவதும் வாதிக்கே உரியது என்று விளம்புகை செய்தும்,

(ஆ) பிரதிவாதியோ அவருடைய ஆட்களோ அந்தச் சொத்துக்குள் நுழையவும், எல்லைக்கல்லைப் பிடுங்கவும், தூண் நடவும், வாதியின் அமைதியான அனுபவத்துக்கு வேறெந்த இடையூறும் செய்யவும் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை பிறப்பித்தும்,

(இ) வழக்குச் செலவைப் பிரதிவாதி தரவேண்டும் என்றும் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.

சொத்து விவரம்

ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் வட்டம், கோபிசெட்டிபாளையம் சார்பதிவக எல்லைக்குட்பட்ட புதுக்காட்டுப்பாளையம் கிராமம், பழைய க.ச. 214/3, தற்போதைய க.ச. 214/3பி. ஊராட்சி மண்பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, நல்லசாமி வகையறா தோட்டத்துக்குக் கிழக்கு, பிரதிவாதியின் க.ச. 214/3ஏ நிலத்துக்கு மேற்கு. இதன் மத்தியில் வடபுறமும் தென்புறமும் கிழமேல் 88 அடி, கீழ்புறமும் மேல்புறமும் தென்வடல் 99 அடி, ஆக 8,712 சதுர அடி, 20 சென்ட் நிலமும், அதிலுள்ள ஓட்டு வீடு, மாட்டுக் கொட்டகை, தென்னை மரங்கள், மின் இணைப்பு சகிதம்.

மேலே 1 முதல் 8 வரை சொன்னவை நான் நேரில் அறிந்ததும் என் கையிலுள்ள ஆவணங்களைப் பார்த்து எழுதியதும் ஆகும். 9 முதல் 11 வரை உள்ளவை சட்டம் தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டு உண்மையென்று நம்பி எழுதியவை. எல்லாம் உண்மை என்று 28.4.2025 அன்று கோபிசெட்டிபாளையத்தில் கையொப்பமிடுகிறேன்.

பெ. முருகேசன்
வாதி