சித்தியின் பருத்தித்துறை வடை: எந்த விலைக்கு, எத்தனை பக்கெட் போனால், மாதம் எவ்வளவு மிஞ்சும்

சித்தி, வெள்ளவத்தைக் கடைக்காரர் 280க்குத் தரச் சொல்லிக் கேட்கிறார் என்றீர்கள், அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். விலை என்று நான் போட்டிருப்பது 200 கிராம் பக்கெட்டுக்குக் கடையிலிருந்து நம் கைக்கு வரும் காசு, லேபிளில் அடிக்கிற விலை இல்லை.

ஒரு பக்கெட்டுக்கு 190 ரூபா செலவு: மாவும் உளுந்தும் 58, எண்ணெய் 62, மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து 18, காஸ் 16, பையும் லேபிளும் 22, உடைந்து கழிவது 14. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 28,000 போகும். உதவிக்கு வரும் அக்காவுக்கு 18,000, ஆட்டோவுக்கு 7,000, கரண்டும் போனும் 3,000. 500 பக்கெட்டுக்கு மேலே போனால் அக்கா கூடுதல் நாள் வரவேண்டும், அதற்கு இன்னும் 9,000. அதை 600 பக்கெட் வரியில் கழித்துத்தான் போட்டிருக்கிறேன்.

மாத லாபம், ரூபாவில்:

| பக்கெட் | 280 | 300 | 320 | 340 | 360 |
|---|---|---|---|---|---|
| 200 | −10,000 | −6,000 | −2,000 | 2,000 | 6,000 |
| 300 | −1,000 | 5,000 | 11,000 | 17,000 | 23,000 |
| 400 | 8,000 | **16,000** | 24,000 | 32,000 | 40,000 |
| 500 | 17,000 | 27,000 | 37,000 | 47,000 | 57,000 |
| 600 | 17,000 | 29,000 | 41,000 | 53,000 | 65,000 |
| நட்டம் வராமலிருக்க | 312 | 255 | 216 | 187 | 165 |
| இப்போதைய 16,000 கிடைக்க | 489 | 400 | 339 | 294 | 259 |

தடித்த எழுத்தில் இருப்பதுதான் இன்றைய நிலை, 300 ரூபா, 400 பக்கெட்.

இப்போது 280 நிரலைப் பாருங்கள். 20 ரூபா குறைத்தால் லாபம் அப்படியே பாதியாகிறது, பழைய 16,000ஐ எடுக்கவே 489 பக்கெட் போகவேண்டும். அதாவது இன்னும் 89 பக்கெட்டுக்குச் சட்டியின் முன்னால் நின்றும் ஒரு சதம்கூடக் கூடாது. அதே நிரலில் 500க்கும் 600க்கும் ஒரே 17,000 நிற்பதைக் கவனித்தீர்களா? கடைசி 100 பக்கெட்டில் வருகிற 9,000 முழுவதும் கூடுதல் சம்பளத்துக்கே போய்விடுகிறது. அந்த விலைக்கு ஓடர் பெருகுவதை நான் நல்ல செய்தியாக எடுக்கமாட்டேன்.

320க்கு ஏற்றினால் கதை வேறு. 400இலிருந்து 339க்கு விழுந்தாலும் அதே காசுதான், 61 பக்கெட் வேலை மிச்சம். 20 ரூபாவுக்காக ஆறில் ஒரு பங்கு ஆட்கள் வாங்குவதை விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்த மொறுமொறுப்புக்குத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்தே கேட்டு வருகிறார்கள். 360 பற்றி இப்போது பேச வேண்டாம், பக்கத்தில் இருக்கும் மற்ற வடைப் பக்கெட்டுகளை விட நம்முடையது ரொம்பத் தள்ளி நிற்கும்.

அப்புறம், சாமான் விலை. எண்ணெயோ காஸோ ஏறி பக்கெட்டின் செலவு 190இலிருந்து 210 ஆனால் புது அட்டவணை தேவையில்லை, ஒரு நிரல் இடப்பக்கம் தள்ளிப் படித்தால் போதும்: 300க்கு விற்கும் போது 280 நிரலின் லாபம்தான் வரும். 2022இல் காஸுக்கும் எண்ணெய்க்கும் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு இது நடக்காது என்று சொல்ல முடியாது. 320இல் இருந்தால் அப்படி ஏறின பிறகும் இன்றைய 16,000 கையில் இருக்கும்.

திரும்பி வரும் பக்கெட்டுகளை அட்டவணையில் சேர்க்கவில்லை, காசு வந்தவை மட்டும்தான். விற்றபின் காசு தருகிற கடையிலிருந்து நமுத்துப்போய் ஒன்று திரும்பினால் 190 ரூபா போச்சு, 300க்கு விற்ற கிட்டத்தட்ட இரண்டு பக்கெட்டின் லாபம் அது. ஆகவே விலையைக் குறைக்கக் கேட்கிற கடையிடம் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பேசிப் பாருங்கள், அது நமக்கு நல்ல பேரம்.

உங்கள் சம்பளம் எந்தக் கட்டத்திலும் இல்லை சித்தி, அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 16,000 என்றால் உதவிக்கு வரும் அக்கா எடுப்பதை விடக் குறைவு. விடிய எழும்பி உளுந்து ஊறப்போடுவது நீங்கள், தட்டிப் பொரிப்பதும் நீங்கள்.

செலவு மாறினால் கூகுள் ஷீட்டில் B2 கட்டத்தில் இதைப் போட்டு 600 வரி வரைக்கும் மற்றக் கட்டங்களுக்கு இழுத்துவிடுங்கள். விலைகள் முதல் வரியில், பக்கெட் எண்ணிக்கை A நிரலில்:

```
=(B$1-190)*$A2-28000-IF($A2>500,9000,0)
```

190ஐயும் 28000ஐயும் மட்டும் மாற்றினால் சரி. வெள்ளவத்தைக்காரருக்கு 300க்குக் கீழே வராது என்று சொல்லுங்கள், அடுத்த மாதத்திலிருந்து புதிதாக எடுக்கிற கடைகளுக்கு 320. பழைய கடைகளுக்கு தீபாவளி ஓடர் முடிந்த பிறகு ஏற்றலாம். ஏற்றின பிறகு மாத எண்ணிக்கை 339க்குக் கீழே போனால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.