தன்விவரக் குறிப்பு: மு. செல்வக்குமார், சோலார் டெக்னீஷியன்

விண்ணப்பிக்கும் பணி: கமிஷனிங் டெக்னீஷியன், கூரை சோலார் பிரிவு
ஊர்: திருமங்கலம், மதுரை மாவட்டம்
வயது: 32
அனுபவம்: 2014 முதல் சோலார் துறையில் மட்டும்
கைப்பேசி எண், முகவரி, வேலை பார்த்த நிறுவனங்களின் பெயர்கள் எல்லாம் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் நிரப்பியிருக்கிறேன். அனுபவச் சான்றிதழ்களை இணைத்துள்ளேன்.

சுருக்கமாக

வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் முதல் மில் கூரையில் 200 கிலோவாட் வரை, ஸ்ட்ரக்சர் நிறுத்துவதில் தொடங்கி இருவழி மீட்டர் ஓடுவது வரை பொறுப்பெடுத்துச் செய்யத் தெரியும். டெஸ்டிங், கமிஷனிங், கோளாறு கண்டுபிடித்தல் ஆகியவைதான் என் பலம். பேனல் மாட்ட ஆள் நிறைய கிடைக்கிறார்கள். மெக்கர் ரீடிங்கைப் பார்த்து இன்வெர்ட்டரை ஆன் செய்யலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று முடிவெடுக்கிற ஆள் குறைவு. இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கக் காரணம் அதுதான்.

கையாண்ட திறன்

இந்தத் துறையில் பயோடேட்டா எழுதும்போது, தான் வேலை பார்த்த பண்ணையின் மொத்த மெகாவாட்டையும் தன் கணக்கில் போட்டுக்கொள்வது வழக்கம். நான் பிரித்தே எழுதுகிறேன்.

என் பொறுப்பில் நிறுவி, டெஸ்ட் செய்து, ஓடவிட்டவை (2021 முதல்): 212 வீடுகள், சேர்த்து 784 கிலோவாட். மில், பள்ளி, விடுதி, கல்யாண மண்டபம், குளிர்பதனக் கிடங்கு என 17 வணிகக் கூரைகள், சேர்த்து 1,140 கிலோவாட். மொத்தம் 1.92 மெகாவாட்.

குழுவில் ஒருவனாக வேலை பார்த்தவை (2017–2021): ராமநாதபுரம் மாவட்டத்தில் 25 மெகாவாட், தூத்துக்குடி மாவட்டத்தில் 40 மெகாவாட் தரைப் பண்ணைகள். 65 என்று எழுதினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். என் கையால் டெர்மினேஷன் முடித்து, டெஸ்ட் ஷீட்டில் நான் கையெழுத்திட்டது 2 பிளாக், 5 மெகாவாட், 760 ஸ்டிரிங்.

உதவியாளனாக இருந்தபோது (2014–2017): முதலமைச்சரின் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகளில் விளக்கு, பேட்டரி பராமரிப்பு, விவசாயிகளுக்கு 5, 7.5 குதிரைத்திறன் சோலார் பம்ப் நிறுவுதல். இதற்கு எண்ணிக்கை போடவில்லை, அப்போது கணக்கு வைத்தது மேஸ்திரி.

வேலை அனுபவம்

*2021 முதல் இன்று வரை: சைட் பொறுப்பாளர், கூரை சோலார் நிறுவனம், மதுரை*

எனக்குக் கீழே நான்கு பேர். சைட் சர்வே, நிழல் பார்த்தல், ஸ்டிரிங் பிரித்தல், கேபிள் அளவு, எர்த், டெஸ்டிங், மின்வாரிய ஆய்வின்போது உடன் இருத்தல் எல்லாம் என் வேலை. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு வீட்டு ஆர்டர் பெருகியது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட் முதல் 78,000 ரூபாய் என்று மானியம் போவதால் பெரும்பாலான வீடுகள் 3 கிலோவாட்டிலேயே நிற்கின்றன. மானியத்துக்கு உள்நாட்டு செல்லில் செய்த பேனல்தான் போட வேண்டும் என்பதால், பேனல் இறங்கும்போதே சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்துவிடுவோம். போர்ட்டலில் படம், விவரம் ஏற்றுவதையும் நானே பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு மானியம் தாமதமாக, சைட்டில் விட்டுப்போன ஒரு படம் காரணமாகிவிடக் கூடாது.

குறிப்பிட விரும்பும் ஒரு வேலை: கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதி, 540 வாட் பேனல் 126, மொத்தம் 68.04 கிலோவாட். வந்த டிராயிங்கில் 21 பேனல் வீதம் 6 ஸ்டிரிங். சமவெளியில் இது ஓடியிருக்கும். ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட், 21 பேனலுக்கு 1,039.5. இது 25 டிகிரிக்கான கணக்கு. மார்கழி விடியலில் கொடைக்கானல் பூஜ்யத்தைத் தொடும். ஒரு டிகிரி குறைந்தால் 0.27 சதவீதம் ஏறும் என்று அந்தப் பேனலின் டேட்டா ஷீட் சொல்கிறது. 25 டிகிரி இறங்கினால் 6.75 சதவீதம் ஏறி 1,109 வோல்ட்டைத் தாண்டும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1,100. டிசைன் பொறியாளரிடம் கணக்கைக் காட்டி, 18 பேனல் வீதம் 7 ஸ்டிரிங்காக மாற்றச் சொன்னேன். அதே குளிரில் இப்போது 951 வோல்ட்தான் வரும். பேனல் ஒன்றும் குறையவில்லை, இன்வெர்ட்டரில் 8 உள்ளீடு இருந்ததால் கூடுதல் ஸ்டிரிங்குக்கும் இடம் இருந்தது. கேபிள் மட்டும் சற்றுக் கூடியது.

*2017–2021: டெக்னீஷியன், தரைப் பண்ணைகள், ராமநாதபுரம், தூத்துக்குடி*

முதலில் கட்டுமானம், பிறகு பராமரிப்பு. ஸ்டிரிங் கேபிள் இழுத்தல், கம்பைனர் பாக்ஸ் டெர்மினேஷன், சென்ட்ரல் இன்வெர்ட்டர் தினப் பராமரிப்பு, 33 கே.வி. யார்டில் பெர்மிட் வாங்கிய பிறகு பொறியாளரின் கீழ் வேலை. கடற்கரை உப்புக்காற்றில் லக் பச்சை பூப்பது, கீரிப்பிள்ளை கேபிளைக் கடிப்பது, புல் வளர்ந்து கீழ்வரிசைக்கு நிழல் போடுவது எல்லாம் பார்த்தாகிவிட்டது. தெர்மல் கேமரா பிடிக்கக் கற்றது இங்கேதான்.

*2014–2017: உதவியாளர், பிறகு நிறுவுநர், சோலார் பம்ப் நிறுவனம், விருதுநகர்*

பம்ப் வேலையில் கற்றது ஒன்று சொல்லலாம்: தோட்டத்தில் மின்வாரிய இணைப்பு கிடையாது, திரும்பி வரப் பேருந்தும் கிடையாது. தேவையானது பையில் இருக்க வேண்டும்.

கமிஷனிங்: நான் செய்யும் முறை

ஐ.இ.சி. 62446-1 வரிசையைப் பின்பற்றுகிறேன். கண்ணால் பார்த்தல், எர்த் தொடர்ச்சி, துருவச் சோதனை, ஒவ்வொரு ஸ்டிரிங்கின் Voc, Isc, பிறகு இன்சுலேஷன். 500 வோல்ட்டுக்கு மேற்பட்டு 1,000 வரையுள்ள ஸ்டிரிங்குக்கு 1,000 வோல்ட்டில் மெக்கர் போட்டு 1 மெகாஓமுக்குக் குறைந்தால் இன்வெர்ட்டர் ஆன் ஆகாது. வாடிக்கையாளர் பூஜைக்கு ஐயரை வரவழைத்திருந்தாலும் ஆகாது. நடைமுறையில் புது சைட்டில் பத்து, இருபது மெகாஓம் வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும், தேடுவேன்.

எர்த் பிட் மூன்று: ஸ்ட்ரக்சருக்கும் டி.சி. பக்கத்துக்கும் ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. 5 ஓமுக்குள் வர வேண்டும். காரைக்குடிப் பக்கச் செம்மண் சரளையில் ஒரே ராடில் வராது. இரண்டாவது ராடைத் தள்ளி இறக்கி இணைத்து, பென்டோனைட் போட்டு இறக்கியிருக்கிறேன். உப்பு, கரி கொட்டி ரீடிங் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, இரண்டு மழையில் கரைந்துவிடும்.

ஆன் செய்த பிறகு கிரிட் சோதனை. மெயினை இறக்கினால் 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் விட வேண்டும். திரும்ப ஏற்றிய பிறகு குறைந்தது 60 விநாடி காத்திருந்தே இணைய வேண்டும். வீட்டுக்காரரை நிற்க வைத்து இதைக் காட்டுவேன். கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது என்று பிறகு போன் வராது; லைனில் ஏறும் மின்வாரிய ஊழியரின் உயிருக்காக என்று நேரில் பார்த்தால் புரிந்துகொள்கிறார்கள்.

ஒப்படைக்கும் முன் ஒரு வெயில் நாள் முழுக்க உற்பத்தியைக் கணக்குப் பார்ப்பேன்:

```
PR = kWh / (kWp × kWh/m²)
   = 301 / (68.04 × 5.6) = 0.79
```

மேலே இருப்பது அந்தக் கொடைக்கானல் விடுதியின் கணக்கு.

கோளாறு கண்டுபிடித்தல்

ராஜபாளையத்தில் ஒரு மில். வேறு ஒருவர் நிறுவி, எங்களிடம் பராமரிப்புக்கு வந்த 100 கிலோவாட். தூறல் விழுந்த காலைகளில் இன்வெர்ட்டர் திரையில் `ISO Fault`, வெயில் ஏறினால் சரியாகிவிடும். முன்பு வந்தவர்கள் இன்வெர்ட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் தூறல் நிற்பதற்குள் போய், ஸ்டிரிங் ஸ்டிரிங்காகக் கழற்றி எர்த்துக்கு அளந்தேன். ஒன்றில் மட்டும் பாசிடிவிலிருந்து எர்த்துக்கு 540, நெகடிவிலிருந்து 360 வோல்ட் நிலையாக நின்றது. மொத்தம் 900, பேனல் 20, ஆளுக்கு 45. ஆக 360 என்பது 8 பேனல். நெகடிவ் முனையிலிருந்து எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே பார்த்தால், கேபிள் ரெயிலின் வெட்டு முனையில் உரசி உறை கிழிந்திருந்தது. கேபிளை மாற்றி, ரெயில் முனைக்கு ரப்பர் மூடி போட்டோம். இன்வெர்ட்டர் அதேதான் இன்றும் ஓடுகிறது.

பாதுகாப்பு

என் பொறுப்பில் இருந்த சைட்களில் வேலை நாள் இழக்கும்படியான காயம் இதுவரை இல்லை. அதற்கு நான் விட்டுக்கொடுக்காதவை: கூரை விளிம்பில் முழு உடல் ஹார்னஸும் இரட்டைக் கொக்கியும், ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கும். சிமென்ட் ஷீட் கூரையில் நடைபலகை இல்லாமல் கால் வைக்க விடமாட்டேன். வெளிச்சத்துக்குப் பதித்த பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி ரிப்பன் கட்டுவேன், மில் கூரைகளில் ஆள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஏ.சி. பக்கம் பூட்டும் அட்டையும், சாவி வேலை செய்பவர் பையில். கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யம் என்று பார்க்காமல் எம்.சி.4 கழற்றுவதில்லை, டி.சி. ஆர்க் தானாக அணையாது. ஆண் கனெக்டர் ஒரு கம்பெனி, பெண் கனெக்டர் வேறு கம்பெனி என்று கலந்து மாட்டுவதில்லை, பொருந்துவது போலத்தான் தெரியும், சூடேறிக் கருகும். கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கி பெயின்ட் கோடு போடுவோம். சித்திரை, வைகாசியில் கூரை வேலை காலை பத்தரை வரை, மறுபடி மூன்றரைக்குப் பிறகு.

படிப்பு, சான்றிதழ்

ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன், இரண்டாண்டு, 2013; அதன் பிறகு ஓராண்டு அப்ரண்டிஸ். சூர்யமித்ரா பயிற்சி, 2017. மின் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் நடப்பில் உள்ளது. முதலுதவிப் பயிற்சி, 2023. இருசக்கர வாகனம், கார் ஓட்டுநர் உரிமம் உண்டு.

மொழியும் மற்றவையும்

தமிழ் நன்றாக. ஆங்கிலத்தில் டேட்டா ஷீட், மேனுவல் படித்து வேலை செய்வேன், ரிப்போர்ட் எழுதுவேன், பேச்சு சுமார். பண்ணையில் வடமாநிலத் தொழிலாளர்களோடு இருந்ததால் வேலைக்குத் தேவையான இந்தி வரும். மெக்கர், கிளாம்ப் மீட்டர், எர்த் டெஸ்டர், தெர்மல் கேமரா, கிரிம்பிங் டூல் கையாளத் தெரியும். ஐ-வி கர்வ் டிரேசரை உடன் இருந்து பார்த்திருக்கிறேன், தனியாக இயக்கியதில்லை.

தற்போதைய சம்பளம் மாதம் 27,000 ரூபாய். எதிர்பார்ப்பு 34,000, வெளியூர் சைட்டுக்குப் படி தனி. வேலையை விட ஒரு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். மாதத்தில் பதினைந்து நாள் வரை வெளியூரில் தங்கச் சம்மதம். கமிஷனிங் டெஸ்ட் ஷீட் மாதிரிகள் மூன்று, வாடிக்கையாளர் பெயரை மறைத்து இணைத்துள்ளேன். என் வேலையைப் பார்க்க விரும்பினால் திருமங்கலத்துக்கு அருகிலேயே இரண்டு சைட் இருக்கின்றன, உரிமையாளர்களிடம் கேட்டு அழைத்துப் போகிறேன்.

மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை.

இடம்: திருமங்கலம்
நாள்: 9 ஜூன் 2025
மு. செல்வக்குமார்