பதினாறு கணுக்களுக்கான இணைப்பமைப்பு: கொள்முதலுக்கு முந்தைய ஒப்பீட்டுக் குறிப்பு

பெறுநர்: துறைத்தலைவர், கணினிப் பொறியியல் துறை
அனுப்புநர்: பேரலல் கம்ப்யூட்டிங் ஆய்வகப் பொறுப்பாளர், தண்டையார்பேட்டை

ஐயா,

ஆய்வகத்தில் உள்ள பதினாறு சிறு கணினிப் பலகைகளை டோரஸ் அமைப்பில் ஒரு முறையும் ஹைப்பர்கியூப் அமைப்பில் ஒரு முறையும் இணைத்துக் காட்டுவதற்காக இரண்டு தொகுதி கேபிள்களும் அடாப்டர்களும் வாங்க வேண்டும் என்று கடந்த துறைக் கூட்டத்தில் முன்மொழியப்பட்டது. ஒரு தொகுதியே போதும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தையும், மற்ற அமைப்புகளோடு ஒப்பிட்ட கணக்கையும் கீழே தருகிறேன்.

ஒப்பீட்டுக்கு மூன்று அளவுகளை எடுத்துக்கொண்டேன். விட்டம் என்பது, எந்த இரு கணுக்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட்டு, அவற்றுள் மிக நீளமானதில் எத்தனை தாவல்கள் உள்ளன என்பதாகும். இணைப்பு எண்ணிக்கை நேரடியாகக் கேபிள் செலவைக் காட்டும். பைசெக்‌ஷன் அகலம் சற்று விளக்கம் வேண்டுவது: கணுக்களை எட்டு எட்டாக இரு பாதியாகப் பிரிக்க எத்தனையோ வழிகள் உண்டு; அவற்றுள் மிகக் குறைந்த இணைப்புகளை வெட்டும் பிரிவில் வெட்டுப்படும் இணைப்புகளின் எண்ணிக்கையே அது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஊரே ஒரு நேரத்தில் புறப்பட்டால், தெருக்கள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பாலங்களின் எண்ணிக்கைதான் நெரிசலைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு கணுவும் மற்ற எல்லாக் கணுக்களுக்கும் தரவு அனுப்பும் மேட்ரிக்ஸ் டிரான்ஸ்போஸ் போன்ற பயிற்சிகளில் நாம் காணப்போவதும் இதுவே.

| அமைப்பு | விட்டம் | பைசெக்‌ஷன் அகலம் | இணைப்புகள் |
|---|---|---|---|
| நேர்வரிசை | 15 | 1 | 15 |
| வளையம் | 8 | 2 | 16 |
| நட்சத்திரம் (ஒரு கணு நடுவில்) | 2 | 8 | 15 |
| 4×4 மெஷ் | 6 | 4 | 24 |
| 4×4 டோரஸ் | 4 | 8 | 32 |
| நான்கு பரிமாண ஹைப்பர்கியூப் | 4 | 8 | 32 |
| முழு இணைப்பு | 1 | 64 | 120 |

நட்சத்திர அமைப்புக்குச் சில பாடநூல் அட்டவணைகள் பைசெக்‌ஷன் அகலத்தை 1 என்று தருகின்றன. சமபாதியாகப் பிரித்து எண்ணினால், நடுக்கணு இல்லாத பாதியிலுள்ள எட்டுக் கணுக்களின் கேபிள்களும் வெட்டுப்படுவதால் 8 என்பதே விடை. ஆயினும் அந்த எட்டுக் கேபிள்களிலும் வரும் தரவு முழுவதையும் ஒரே பலகை கையாள வேண்டியிருக்கும் என்பதால், அந்த எண்ணை நம்பி வேகத்தை எதிர்பார்க்க முடியாது. முழு இணைப்புக்குப் பலகை ஒன்றுக்கு 15 போர்ட்டுகள் தேவை. நம்மிடம் இருப்பவை நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளும், மேலாண்மைக்கெனப் பொது ஸ்விட்ச்சில் செருகப்பட்டுள்ள ஈதர்நெட் போர்ட் ஒன்றும் மட்டுமே. எனவே அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

அட்டவணையில் டோரஸும் ஹைப்பர்கியூபும் மூன்று அளவுகளிலும் ஒத்திருப்பது தற்செயல் அன்று. பதினாறு கணுக்களில் அவை இரண்டும் ஒரே வரைபடம். நான்கு கணுக்கள் கொண்ட வளையத்துக்கு 00, 01, 11, 10 என்று கிரே குறியீட்டு வரிசையில் பெயரிட்டால், அடுத்தடுத்த பெயர்கள் ஒரே ஒரு பிட்டில் மட்டும் வேறுபடும். கடைசியிலுள்ள 10 மீண்டும் 00-ஐ அடையும்போதும் அப்படியே. அதாவது நான்கு கணு வளையம் என்பதே இரு பரிமாண கியூப். டோரஸின் கிடைவரிசைக்கு இரண்டு பிட், நெடுவரிசைக்கு இரண்டு பிட் என்று சேர்த்து எழுதினால் நான்கு பிட் பெயர் கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, கிடைவரிசை 01, நெடுவரிசை 10 என்ற இடத்திலுள்ள பலகையின் பெயர் 0110. டோரஸ் கேபிள்களின் வழியே அதன் அண்டைக் கணுக்கள் 0010, 1110, 0111, 0100 ஆகும். ஹைப்பர்கியூப் விதிப்படி ஒவ்வொரு பிட்டாக மாற்றிப் பார்த்தாலும் இதே நான்குதான் வரும். மாணவர்களின் நிரலில் அண்டைக் கணுவைக் கண்டறிய ஒரு வரி போதும்:

```
neighbour = i ^ (1 << k)   # k = 0, 1, 2, 3
```

ஆகவே ஒரு முறை கேபிள் போட்டுவிட்டு, பலகைகளின் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றினால் இரண்டு பாடங்களையும் நடத்தலாம். இவ்விரு அமைப்புகளின் வேறுபாட்டை அளந்து காட்டும் சோதனை என்று திட்ட வரைவில் உள்ள பயிற்சியை நீக்கிவிட வேண்டும்; அளப்பதற்கு அங்கே வேறுபாடு ஏதும் இல்லை. வேறுபாடு பெரிய அமைப்புகளில்தான் வெளிப்படும். 64 கணுக்களில் 8×8 டோரஸின் விட்டம் 8, பைசெக்‌ஷன் அகலம் 16, இணைப்புகள் 128. ஆறு பரிமாண ஹைப்பர்கியூபுக்கு இவை முறையே 6, 32, 192. கால்டெக்கில் 1980களின் தொடக்கத்தில் உருவான காஸ்மிக் கியூப் இந்த 64 கணு ஹைப்பர்கியூபேதான். கணுக்கள் இரட்டிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு போர்ட் கூடிக்கொண்டே போகும் என்பது ஹைப்பர்கியூபின் பெருங்குறை. பின்னர் வந்த கிரே T3D, புளூ ஜீன்/L போன்றவை முப்பரிமாண டோரஸைக் கைக்கொண்டன. நமக்கும் இது பொருந்தும்: பின்னாளில் 32 பலகைகளாக விரிவாக்கினால், ஹைப்பர்கியூபுக்கு ஐந்தாவது போர்ட் வேண்டும், நம்மிடம் அது இல்லை, 4×8 டோரஸ் நான்கு போர்ட்டிலேயே அடங்கும், விட்டம் 6 ஆகும், ஆனால் பைசெக்‌ஷன் அகலம் 8-ஐத் தாண்டாது.

செலவைக் குறைக்க மெஷ் போதுமே என்ற கேள்வி எழலாம். மெஷ்ஷுக்கு 24 கேபிளும் 48 அடாப்டரும், டோரஸுக்கு 32 கேபிளும் 64 அடாப்டரும் தேவை. கூடுதலாக வாங்கும் எட்டுக் கேபிள்களால் விட்டம் 6-லிருந்து 4-ஆகக் குறைகிறது, பைசெக்‌ஷன் அகலம் இரட்டிப்பாகிறது. சராசரித் தொலைவும் ஏறத்தாழ 2.67 தாவலிலிருந்து 2.13-ஆக இறங்குகிறது. இந்த விலைக்கு இது நல்ல பேரம் என்றே கருதுகிறேன்.

பழுதையும் கருத வேண்டும். கடற்காற்றில் செருகிகளின் தொடுமுனைகள் கறுத்துப்போவது இந்தப் பகுதியில் புதிதன்று. வளையத்தில் ஒரு கேபிள் போனால் அது நேர்வரிசையாகி விட்டம் 8-லிருந்து 15-க்குத் தாவும். டோரஸில் ஒன்று போனால், அந்தக் கேபிளின் இரு முனையிலும் உள்ள கணுக்களுக்கு மட்டும் தொலைவு 1-லிருந்து 3 ஆகும். மற்ற எந்த இரு கணுக்களுக்கும் இடையே தொலைவு மாறாது, விட்டம் 4-ஆகவே நிற்கும். வகுப்பு நடுவில் கேபிள் தேடி ஓட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: அட்டவணையிலுள்ள எண்கள் கேபிள்களை எண்ணுபவை, வேகத்தை அல்ல. நம் பலகையில் நான்கு அடாப்டர்களும் ஒரே யூஎஸ்பி பாதையைப் பகிர்ந்துகொள்வதால், நான்கும் ஒருசேர முழு வேகத்தில் ஓடா. பைசெக்‌ஷன் சோதனையில் அளவீடு குறைவாக வந்தால் மாணவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும் என்று செய்முறைக் குறிப்பில் எழுதிவிடுகிறேன்.

டோரஸின் ஒவ்வொரு கிடைவரிசையையும் ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டுகளை 0, 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கினால், சுற்றி வரும் கேபிள் மூன்று தட்டுகளைத் தாண்ட வேண்டும். 0, 1, 3, 2 என்று மடித்து அடுக்கினால் எந்தக் கேபிளும் இரண்டு தட்டுக்கு மேல் நீள வேண்டியிராது. ஒவ்வொரு தட்டிலும் பலகைகளை இதே ஒழுங்கில் வைக்கலாம். எனவே ஒரே நீளத்தில் 32 கேபிள்கள், உதிரியாக 4, அடாப்டர்கள் 64, உதிரியாக 6 என்ற அளவில் விலைப்புள்ளி கோர ஒப்புதல் வேண்டுகிறேன்.