ஆய்வு முன்மொழிவு: களிப் பானைக்கு எந்தத் தண்ணீர்?

முதுநிலைச் சுற்றுச்சூழல் அறிவியல் சேர்க்கைக்காக, கல்வியாண்டு 2026–2028
விண்ணப்பிப்பவர்: வேதியியல் இளநிலைப் பட்டதாரி, பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்

பின்னணி

எங்கள் ஊரில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தெருக்குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர். மோட்டார் போட்டால் வருவது போர் தண்ணீர். முன்னது குடிப்பதற்கு, பின்னது மற்ற எல்லாவற்றுக்கும் என்பது பொதுவான ஏற்பாடு. அந்த 'மற்ற எல்லாவற்றிலும்' சமையலும் அடங்கும் என்பதே இந்த ஆய்வின் தொடக்கப் புள்ளி.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்டது. அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள புளோரைடு கொண்ட கனிமங்கள் சிறிது சிறிதாக நீரில் கரைகின்றன. மிகுந்த புளோரைடு பல்லையும் எலும்பையும் பாதிக்கும் நோய்தான் புளோரோசிஸ். இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம். ஜப்பானியக் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குடம் நிரம்பிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். பானையை யாரும் பார்ப்பதில்லை.

கடந்த தை மாதம் எங்கள் வீட்டில் அளந்து பார்த்தேன். ஐந்து பேருக்கு இரவுக் களி கிண்ட அம்மா உலையில் ஊற்றியது சரியாக 2 லிட்டர், போர் தண்ணீர். நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து, ஆவி வந்தபின் கிண்டி உருட்டினார். ஒரு துளியும் வடிக்கவில்லை. சோறு வடித்தால் புளோரைடில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். களியில் வடிப்பு என்பதே கிடையாது. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், புளோரைடு பானையிலேயே தங்கிவிடும். ஊற்றிய தண்ணீரில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு வேளைக் களியில் 5 மில்லிகிராம். ஆளுக்குச் சராசரியாக 1 மில்லிகிராம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவின் விளிம்பில் நிற்கும் நீரை நாள் முழுவதும் 2 லிட்டர் குடித்தால் உடலுக்குள் போவதில் இது பாதி. இது கணக்கு மட்டுமே. எங்கள் போரின் உண்மையான அளவு எனக்கு இன்னும் தெரியாது.

அம்மாவிடம் ஏன் இந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "ஒகேனக்கல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. பருப்புக்கும் டீக்கும் எடுத்துவைத்தது போக மீதி குடிக்கத்தான் சரியாக இருக்கும். களிக்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன, வெந்துவிடும்" என்றார். வீட்டில் தண்ணீரைப் பங்கிடும் அளவுகோல் பருப்பு. பருப்பு வேகாத தண்ணீர் கெட்ட தண்ணீர், வெந்தால் நல்ல தண்ணீர்.

இந்த அளவுகோல் புளோரைடு விஷயத்தில் நம்மை ஏமாற்றக்கூடும். பருப்பை வேகவிடாமல் செய்வது கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை. ஆனால் கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியாது; இரண்டும் சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில்தான் புளோரைடு ஏறுகிறது. அந்த நீரில் பருப்பு எளிதில் குழையும், ஆப்ப சோடா போட்டால் குழைவதைப் போல. அப்படியென்றால் ஊரார் 'தேவலாம்' என்று சொல்லும் போர்தான் களிக்கு ஆகாத போராக இருக்க வாய்ப்பு உண்டு. நாக்குக்குப் புளோரைடு தெரியாது.

ஆய்வுக் கேள்வி

குடிப்பதற்கு ஒகேனக்கல் நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், சமையலுக்கு ஊற்றும் நீரின் வழியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புளோரைடு சேர்கிறது?

இதனுடன் ஒட்டிய துணைக் கேள்வி ஒன்றே ஒன்று: சமையலுக்கு நல்லது என்று வீட்டார் தேர்ந்தெடுக்கும் போர் நீர், புளோரைடு அளவிலும் நல்லதாக இருக்கிறதா?

பல்லையும் எலும்பையும் நான் பரிசோதிக்கப் போவதில்லை. பல்லில் கறை கண்டு புளோரோசிஸ் என்று முடிவு சொல்லப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் வேண்டும். அரைகுறையாகச் செய்தால் ஊரில் வீண் பயம்தான் மிஞ்சும். நோயின் அளவு என் கேள்வி அல்ல, நீரின் வழி மட்டுமே.

முறை

பென்னாகரம் வட்டத்தில் ஒகேனக்கல் குழாய் நீரும் போர் நீரும் சேர்ந்து புழங்கும் மூன்று குக்கிராமங்களைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொன்றிலும் 15 வீடுகள், மொத்தம் 45. வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுப்பேன். தெரிந்த வீடுகளாகப் பார்த்து எடுத்தால் எல்லாம் எங்கள் உறவு வீடுகளாகவே அமைந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று வாயால் கேட்டால் 'இரண்டு சொம்பு' என்று பதில் வரும், சொம்பு வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே கோடு போட்ட ஒரே அளவு லிட்டர் குவளை ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் விட்டுவைப்பேன். சமைப்பவர் குவளை ஒன்றுக்கு ஒரு கரிக்கோடு என்று அடுப்படிச் சுவரில் ஒட்டிய அட்டையில் போடுவார். பால் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது என்பதால் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. களி, சோறு, குழம்பு, டீ என நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் குழாய் நீருக்கும் போர் நீருக்கும் தனிப் பக்கம். மூன்றில் ஒரு நாள் மாலை நானே அடுப்படியில் இருந்து அளவைச் சரிபார்ப்பேன். சோறு வடிக்கும் வீடுகளில் வடித்த கஞ்சியையும் அளந்து, அது மாட்டுக்குப் போகிறதா மனிதர் குடிக்கிறார்களா என்றும் குறிப்பேன். குக்கரில் வைத்தால் கழிக்க எதுவும் இல்லை.

ஒவ்வொரு வீட்டிலும் குழாய் நீர் ஒரு மாதிரி, சமையலுக்கு எடுத்த நீர் ஒரு மாதிரி, கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் எடுப்பேன்: 45 வீடுகள், 2 மாதிரிகள், 2 பருவங்கள், மொத்தம் 180. மேல்நிலைத் தொட்டியில் போர் நீர் கலந்தால் குழாய் மாதிரியிலேயே அது தெரியவரும். புளோரைடை அயனித் தேர்வு மின்முனை கொண்டு, டிசாப் கரைசல் சேர்த்து அளப்பேன். கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல், கூடவே மின் கடத்துதிறன். பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டிப்பாக அளந்து, ஒவ்வொரு நாளும் தர நிர்ணயக் கரைசல்களுடன் தொடங்குவேன்.

மாதிரிகளைப் பாலித்தீன் சீசாக்களில் மட்டுமே எடுப்பேன். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இளநிலை இறுதியாண்டில் 12 வீடுகளில் தண்ணீர் எடுத்து, பழைய மருந்து சீசாக்களில் ஊற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். சீசாவில் முன்பு என்ன இருந்தது என்று ஆசிரியர் கேட்டார், பதில் இல்லை. அந்த எண்கள் எதையும் இங்கே சேர்க்கவில்லை.

களியின் புளோரைடை நேரடியாக அளக்க மாட்டேன். உணவிலிருந்து புளோரைடைப் பிரித்தெடுப்பது தனி வேலை, முதுநிலைக் காலத்துக்குள் நம்பகமாக முடியாது. ஊற்றிய நீரின் அளவையும் அதன் புளோரைடு அளவையும் பெருக்கி, வடித்ததைக் கழித்து, உண்டவர் எண்ணிக்கையால் வகுப்பேன். கேழ்வரகிலும் தேயிலையிலும் இயல்பாக உள்ள புளோரைடு இதில் சேராது என்பதால், கிடைக்கும் எண் நீரின் பங்கை மட்டுமே காட்டும். சராசரியோடு வீடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வையும் தருவேன். துணைக் கேள்விக்கு, ஒவ்வொரு போரையும் பற்றி வீட்டார் சொல்லும் தரத்தை அதன் புளோரைடு, கடினத்தன்மை அளவுகளுடன் தர வரிசைத் தொடர்பு மூலம் ஒப்பிடுவேன்.

காலவரிசை

2026 ஜூலை முதல் நவம்பர் வரை பாடங்களுடன் சேர்த்து இலக்கிய வாசிப்பும், மனித ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பமும். வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் நிற்கும் ஆய்வு இது, ஒப்புதல் இல்லாமல் ஒரு குவளையும் நகராது. அதற்கு இரண்டு மாதம் தனியாக விட்டிருக்கிறேன். 2027 பொங்கல் விடுமுறையில் 5 வீடுகளில் ஒத்திகை: அட்டை புரிகிறதா, குவளை திரும்பி வருகிறதா என்று பார்க்க.

2027 ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூன் முதல் வாரம் வரை முதல் களப்பணி. ஒரு மாலைக்கு இரண்டு வீடுகள் என்றால் 45 வீடுகளுக்கு 23 மாலைகள். ஆறு வாரம் வைத்திருப்பது கல்யாணம், திருவிழா, ஆள் இல்லாத வீடு எல்லாவற்றுக்கும் இடம்விட்டுத்தான். நூறு நாள் வேலைக்கும் மாங்காய்ப் பறிப்புக்கும் போகிறவர்கள் திரும்புவது மாலையில் என்பதால் ஐந்து மணிக்கு முன் எந்த வீட்டுக்கும் போகமாட்டேன். மாதிரிகளை வாரம் ஒருமுறை பஸ்ஸில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, எடுத்த 28 நாளுக்குள் அளந்து முடிப்பேன்.

2027 ஜூலை முதல் அக்டோபர் வரை பாடங்களும் முதல் பருவத் தரவின் கணக்கும். டிசம்பர் கடைசியில் இரண்டாம் முறை நீர் மாதிரி. குவளை அளவை அப்போது 15 வீடுகளில் மட்டும் மீண்டும் செய்வேன். கோடையில் ஏதாவது போர் வற்றிப்போனால் அந்த வீடு எந்தத் தண்ணீருக்கு மாறியது என்பதையே தரவாக எடுத்துக்கொள்வேன். வேறு வீட்டைத் தேடமாட்டேன். 2028 ஜனவரி, பிப்ரவரியில் பகுப்பாய்வு. மார்ச்சில் முதல் வரைவு வழிகாட்டியிடம். ஏப்ரல் இறுதியில் சமர்ப்பிப்பு.

மின்முனையும் கடத்துதிறன் மானியும் துறை ஆய்வகத்தில் கிடைத்தால் போதும். சீசா, குவளை, வேதிப்பொருள், பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்குள் அடங்கும். பாதியை என் சேமிப்பிலிருந்து போடுகிறேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் போரின் எண்ணை ஒரு தாளில் தமிழில் எழுதி, அளந்த இரண்டு வாரத்துக்குள் கையில் கொடுப்பேன். 1.5க்கு மேல் இருந்தால் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல், வீட்டார் சம்மதித்தால் ஊராட்சிக்கும் தெரிவிப்பேன். முதல் தாள் எங்கள் வீட்டுக்கு. குலுக்கலில் எங்கள் பெயர் வராவிட்டாலும், ஒத்திகையின் ஐந்து வீடுகளில் ஒன்றாக அம்மாவின் அடுப்படி இருக்கும்.