உன் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பாடும்

இன்று பேசியதில் பாதி வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும் என்பதால் எழுதித் தருகிறோம். அம்மாவும் படிக்கட்டும். ஆனால் மாத்திரை சாப்பிடப்போவது நீ, அதனால் இது உனக்குத்தான்.

உன் ஹீமோகுளோபின் 8.9 கிராம். 15 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறோம். ஃபெரிட்டின் என்று இன்னொரு எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு உள்ளது என்பதை அது காட்டும். 15-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். உனக்கு 6. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, மதியத்துக்கு மேல் வகுப்பில் கவனம் நிற்காதது, தலைசுற்றல், ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது என நீ சொன்னவை எல்லாமே இதனால் வரக்கூடியவை. வீட்டில் யாராவது சோம்பேறி என்று திட்டியிருந்தால் இந்தத் தாளைக் காட்டு.

இரும்பு எங்கே போனது? வளர்கிற வயதில் தேவை அதிகம். அதோடு, உனக்கு மாதவிடாய் 8 நாள் நீடிக்கிறது, முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது. அது அதிகப்படியான ரத்தப்போக்கு. அதைக் குறைக்கத் தனியாக மருந்து உண்டு. அடுத்த முறை வரும்போது தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், பெரிய கட்டிகளாகப் போனதா என்று குறித்துக்கொண்டு வா. போக்கு நிற்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ஏறுகிற ஹீமோகுளோபின் மறுபடி இறங்கும்.

மாத்திரை

ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. அதில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று இரண்டாகச் சாப்பிடாதே. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. குடல் இரும்பை உறிஞ்சுவதை அது ஏறக்குறைய ஒரு நாள் வரை குறைத்து வைக்கும். இரண்டாவது மாத்திரையில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி வயிற்றைத்தான் படுத்தும்.

காலையில் எழுந்ததும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது. பள்ளி நாளில் அது முடியாது என்றால், மாலையில் பள்ளி விட்டு வந்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் இருக்கட்டும். ஒரு டம்ளர் தண்ணீரோடு, அல்லது எலுமிச்சை, ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கு. கடிக்காதே, பொடிக்காதே. விழுங்கிய உடனே படுக்காதே. தொண்டைக்குழாயில் தங்கினால் எரியும்.

டீ, காபி, பால், தயிர், கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டாம். அவை இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறாதவர்களிடம் விசாரித்தால், டீயோடு சேர்த்து விழுங்கியிருப்பது அடிக்கடி தெரியவரும். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ யாராவது எழுதித் தந்தால், இதைச் சாப்பிடுவதை அவர்களிடம் சொல். சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

ஒரு நாள் மறந்துவிட்டால் விட்டுவிடு. மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம்.

என்னவெல்லாம் ஆகலாம்

மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ போகும். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தார்போல் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ, சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ அன்றே வா.

குமட்டல், வயிற்று வலி, வாயில் உலோகச் சுவை, மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு இவையும் வரலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பழம், காய்கறி, நடை. குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை விழுங்கு. உறிஞ்சுவது குறையும்தான், ஆனால் குமட்டுகிறது என்று குப்பையில் போடுவதைவிட அது மேல். அப்படியும் தாங்கவில்லை என்றால் எங்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றலாம், வேறு வகை மாத்திரையும் தரலாம். நீயாக நிறுத்தாதே. திரவ மருந்துக்கு மாற நேர்ந்தால் ஸ்ட்ரா போட்டுக் குடி, பிறகு வாய் கொப்பளி. பல்லில் கறை படியும்.

மாத்திரையைத் தம்பி கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வை. மிட்டாய் என்று நினைத்துச் சிறு குழந்தை சில மாத்திரைகளை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. அப்படி நடந்தால் நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எவ்வளவு நாள்

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்திலேயே உனக்குத் தெம்பு வரும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏறும். இரண்டு மூன்று மாதத்தில் 12-ஐத் தாண்டும். நிறுத்தத் தோன்றும். நிறுத்தக்கூடாது. உள்ளே போன இரும்பெல்லாம் அதுவரை ரத்தம் உண்டாக்கவே செலவாகியிருக்கும், கையிருப்பு இன்னும் காலிதான். 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஆக மொத்தம் ஐந்து முதல் ஆறு மாதம்.

சாப்பாடு

சாப்பாட்டை மாற்றினாலே போதாதா என்று கேட்டாய். உன் வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 15 மில்லிகிராம் இரும்பு உணவிலிருந்து தேவை. அதுவும் இன்றைய செலவுக்குத்தான் சரியாகும். காலியான கையிருப்பை உணவால் மட்டும் நிரப்ப மிக நீண்ட காலம் ஆகும். இப்போதைக்கு மாத்திரை வேண்டும். மாத்திரை முடிந்த பிறகு மறுபடி இறங்காமல் காப்பது சாப்பாடு.

இறைச்சி, ஈரல், மீன் இவற்றில் உள்ள இரும்பு எளிதாக உடம்பில் சேரும். பருப்பு, கொண்டைக்கடலை, பீன்ஸ் வகைகள், கீரை, எள், உலர் பழங்களில் இருப்பது அவ்வளவு சுலபமாகச் சேராது. ஆனால் அதே வேளையில் எலுமிச்சை, தக்காளி, கொய்யா, குடைமிளகாய் என வைட்டமின் சி உள்ள ஒன்றைச் சேர்த்தால் கூடுதலாகச் சேரும். பயறுகளை ஊறவைத்து முளைகட்டினாலும் பலன் உண்டு. சைவம் என்றால் ஒவ்வொரு வேளையும் பருப்பு, கீரை வகையில் ஒன்றையும் வைட்டமின் சி உள்ள ஒன்றையும் சேர்த்துச் சாப்பிடப் பழகு. டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. பீட்ரூட்டின் சிவப்பு நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. பிடித்தால் சாப்பிடு, அதை நம்பி இருக்காதே. எடை குறைக்க வேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது இந்த ஆறு மாதம் வேண்டவே வேண்டாம்.

எப்போது வர வேண்டும்

நான்கு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. அளவு 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் காரணம் தேடுவோம்: போக்கு குறையவில்லையா, குடல் உறிஞ்சவில்லையா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு போன்ற வேறு ஏதாவது இருக்கிறதா என்று. எத்தனை மாத்திரை விட்டுப்போனது என்பதை மறைக்காமல் சொல், திட்டமாட்டோம். அது தெரியாவிட்டால் உனக்குத் தேவையில்லாத பரிசோதனைகளை எல்லாம் செய்ய வேண்டியிருக்கும்.

மயங்கி விழுந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அப்போதே வா. இரவானாலும் சரி.