கடன், சேமிப்பு பற்றிய ஆலோசனை வேண்டி

உவர்மலை,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா,

வங்கியில் இருந்த காலத்திலேயே நீங்கள் பலருக்குக் கடன் கணக்கைச் சீர்செய்து கொடுத்ததாகச் சகலன் சொன்னார். என் நிலைமையை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு 51 வயது. தனியார் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞர். சம்பளம் 65,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதம் கழித்து 59,800 கைக்கு வரும். பின்னேரம் ஒரு கடைக்குக் கணக்கு எழுதி 15,000 எடுக்கிறேன். மனைவியின் தையலில் சுமார் 10,000.

வீட்டுக் கூரைக்கு எடுத்த வங்கிக் கடனில் 480,000 மிச்சம், மாதம் 17,500 கட்டுகிறேன். 2022 நெருக்கடியில் கம்பனி அரைச் சம்பளம் தந்தபோது அடைவு வைத்த நகைக்கு 350,000. சீட்டை முன்னமே எடுத்துவிட்டதால் இன்னும் ஒன்பது மாதம் 10,000 வீதம் கட்ட வேண்டும். அப்புறம், அம்மாவின் வைத்தியச் செலவுக்குத் தனியாரிடம் வாங்கிய ஒரு இலட்சம். அதற்கு நூற்றுக்கு ஐந்து மாத வட்டி. மாதா மாதம் 5,000 கொடுத்தும் முதல் அப்படியே நிற்கிறது.

வங்கி, சீட்டு, தனியார் வட்டி மூன்றுக்கும் கட்டியபின் 52,300 மிஞ்சும். சாப்பாடு, கரண்ட், தண்ணீர், மகனின் ரியூசன், அம்மாவின் மருந்து எல்லாம் 53,500ஐத் தொடுகின்றன. ஆகவே அடைவு வட்டி கட்ட முடியவில்லை, அது ஏறிக்கொண்டே போகிறது. நகை ஏலத்துக்குப் போய்விடுமோ என்று மனைவி தூங்குவதில்லை. என் பயம் வேறு. வங்கிக் கடனுக்குப் பிணை நின்ற இருவரும் என்னோடு வேலை செய்பவர்கள். நான் ஒரு தவணை தவறினாலும் அவர்களைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஐயா.

மகள் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறாள். அவள் படிப்பை முடிக்க வேண்டும், மகன் உயர்தரம் எழுத வேண்டும். எனக்கு ஓய்வூதியம் கிடையாது. 55 வயதில் கிடைக்கும் சேமலாப நிதிதான் எங்கள் இருவரின் முதுமைக்கும். வீட்டுக் கடனைக் காட்டி அதில் 30 வீதத்தை இப்போதே எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதிலிருந்து எடுத்தால் திரும்பப் போட என்னால் முடியாது.

அடைவிலுள்ள சங்கிலியை மட்டும் மீட்டு விற்றால் அந்த ஒரு இலட்சத்தைத் தீர்த்து, அடைவுக் கடனையும் குறைக்கலாம் என்பது என் எண்ணம். அது மனைவிக்குத் தாய் போட்ட சங்கிலி, விற்க அவளுக்கு விருப்பமில்லை. சீட்டு முடியும்வரை பொறுப்போம், பிறகு அந்தப் பத்தாயிரத்தை வட்டிக்காரருக்குக் கட்டலாம் என்கிறாள். பொறுத்தால் வட்டி மட்டும் 45,000 போய்விடும். எது சரி என்று நீங்கள் சொன்னால் இருவரும் கேட்போம்.

சனிக்கிழமை பின்னேரம் வசதிப்பட்டால் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அடைவுச் சீட்டு, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கூற்று எல்லாம் எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யோகராசா